டீ மேக்கருக்கு ஒரு சம்பளச் சான்றிதழ்

"சார், ஒரு சேலரி சர்டிபிகேட் வேணுங்க."

குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலைக் கம்பெனியின் குரூப் ஆபீசில் சம்பளக் கணக்கும் கடிதங்களும் பல வருடம் என் மேசையில்தான் இருந்தன. கதவில் ஹெச்.ஆர். என்று பலகை மாட்டியது பிற்பாடு. அதற்கு முன்பே வேலை இதுதான். மேலே உள்ள வாக்கியத்தோடு யார் வந்தாலும் நான் திருப்பிக் கேட்பது "யாருக்கு?" என்று. பாதிப் பேர் "எனக்குத்தாங்க" என்பார்கள். நான் கேட்டது வாங்கப் போகிறவரை அல்ல, படிக்கப் போகிறவரை. வீட்டுக் கடன் கொடுக்கும் வங்கி அதில் தேடுவது ஒன்று, விசா அதிகாரி தேடுவது வேறொன்று. கூட்டுறவுச் சங்கத்துக்கு ஜாமீன் போடுகிறவருக்கு வேண்டியது மூன்றாவது. இது தெரியாமல் தட்டச்சு செய்த கடிதம் பெரும்பாலும் ஒரு வாரத்தில் திரும்பி வந்துவிடும்.

அப்படித் திரும்பி வந்த ஒரு கடிதத்தின் கதை இது. எழுதியவன் நான்தான்.

கோத்தகிரிச் சரிவில் இருக்கும் எங்கள் தொழிற்சாலையின் டீ மேக்கர், அதாவது தேயிலை உற்பத்திக்குப் பொறுப்பான அலுவலர் அவர். வயது 49. எஸ்டேட் குவார்ட்டர்ஸில் குடும்பம். ஓய்வு பெற்றால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும் என்பது தோட்டத்தில் வேலை பார்க்கும் எல்லோர் தலைமேலும் தொங்குகிற விஷயம். வேலை இருக்கும்வரை வாடகை இல்லை, அதனால் வீடு கட்டுகிற நினைப்பும் நாற்பத்தைந்தைத் தாண்டித்தான் வருகிறது. இவரும் மற்றவர்களைப் போலவே மலைக்குக் கீழே காரமடைப் பக்கம் மனை வாங்கிப் போட்டிருந்தார். வங்கியில் கடன் கேட்டபோது சம்பளச் சான்றிதழ், மூன்று மாதச் சம்பளச் சீட்டு, ஆறு மாத வங்கிக் கணக்கு விவரம், இரண்டு வருட ஃபார்ம் 16 என்று பட்டியல் கொடுத்தார்கள்.

அவர் வந்தது ஜூன் மாதம், உச்ச சீசன். நான் மே மாதச் சீட்டைப் பார்த்து, "இவர் எங்கள் கம்பெனியில் டீ மேக்கராகப் பணிபுரிகிறார். இவருடைய தற்போதைய மாதச் சம்பளம் 33,200 ரூபாய்" என்று இரண்டு வரி அடித்து, மேனேஜர் கையெழுத்து வாங்கி, முத்திரை குத்திக் கொடுத்துவிட்டேன். அவர் அதில் பாதியை, அதாவது 16,600 ரூபாயை, மாதத் தவணையாகக் கட்டலாம் என்று மனக்கணக்குப் போட்டு, பன்னிரண்டரை லட்சம் கிடைக்கும் என்று மேஸ்திரிக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். வங்கி திருப்பி அனுப்பிய கடிதத்தின் ஓரத்தில் பென்சிலில் எழுதியிருந்தது: "சம்பளம் ஒத்துப்போகவில்லை."

பொய் எதுவும் எழுதவில்லை. 33,200 மே மாதத்தின் உண்மையான தொகைதான். ஒத்துப்போகாதது ஏன் என்று புரிய அந்தச் சீட்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 26,000. இதர படி 2,000. ஆக நிலையான மொத்தம் 28,000. மீதி 5,200 உற்பத்தி ஊக்கத்தொகை. மழை விட்டு வெயில் விழுந்து இலை பொங்கிவரும் மாதங்களில் தொழிற்சாலை மூன்று ஷிஃப்ட் ஓடும், ஊக்கத்தொகை ஏறும். ஜனவரியில் உறைபனி விழுந்து கொழுந்து கருகினால் அது பூஜ்யம். அந்தப் பன்னிரண்டு மாதத்தில் அவருக்கு வந்த ஊக்கத்தொகை எல்லாம் சேர்ந்து 26,400 ரூபாய். சராசரி மாதம் 2,200. மே மாதத்து 5,200ஐ 'தற்போதைய மாதச் சம்பளம்' என்ற பெயரில் நான் நிரந்தரமாக்கியிருந்தேன்.

பிடித்தங்கள் நான்கு. பி.எஃப். 26,000இல் 12 சதவீதம், 3,120. கூட்டுறவுச் சங்கக் கடன் தவணை 3,500. எல்.ஐ.சி. 1,150. போன தீபாவளிக்கு வாங்கிய பண்டிகை முன்பணத்துக்கு 1,000. மொத்தம் 8,770 போக மே மாதம் கைக்கு வரவேண்டியது 24,430.

வங்கிக் கணக்கிலோ 24,430 என்ற தொகை எங்குமே இல்லை. தோட்டத்தில் மாதம் 20ஆம் தேதி வாக்கில் 'அட்வான்ஸ்' போடுவது பழைய வழக்கம். சந்தைச் செலவுக்கு என்று பாதி மாதத்தில் ஒரு தொகை, மீதி அடுத்த மாதம் 7ஆம் தேதி. இவருக்கு மே 20ஆம் தேதி 8,000 ஏறியிருக்கிறது, ஜூன் 7ஆம் தேதி 16,430. எங்கள் சம்பளச் சீட்டும் அட்வான்ஸைப் பிடித்தம் பக்கத்தில் காட்டி, கடைசிக் கட்டத்தில் 'நிகரம் 16,430' என்று முடியும். தோட்டத்துக்காரர் யாருக்கும் இதில் குழப்பம் இல்லை. கோவையில் உட்கார்ந்து கோப்பைப் பார்க்கிற அதிகாரிக்கு எப்படித் தெரியும்? அவர் கண்ணில் பட்டது இதுதான்: கடிதம் 33,200 என்கிறது, சீட்டு 16,430 என்கிறது, பாஸ்புக்கில் மே மாதம் ஒரு 8,000உம் ஜூன் மாதம் 16,430உம் இருக்கின்றன. அந்த 8,000 சம்பளமா, மச்சான் அனுப்பிய பணமா என்று அவருக்குத் தெரியாது. சந்தேகம் வந்தால் குறைந்த தொகையை எடுத்துக்கொள்வது வங்கிக்காரரின் பழக்கம். அவரைக் குறை சொல்ல முடியாது.

கடிதத்தில் ஒரு வரி போதுமாயிருந்தது: "சம்பளத்தில் ஒரு பகுதி அந்தந்த மாதம் 20ஆம் தேதியும் மீதி அடுத்த மாதம் 7ஆம் தேதியும் வங்கிக் கணக்கில் வரவு வைக்கப்படுகிறது." இரண்டாம் முறை எழுதியபோது அந்த வரியைச் சேர்த்தேன். மே மாதச் சம்பளம் ஜூன் கணக்கில் விழும் என்பதும் அதிலேயே வந்துவிடுகிறது. மாதம் மாறி ஒப்பிட்டுவிட்டு 'தொகை தப்பு' என்று எழுதுவதும் நடப்பதுதான்.

சரி, வங்கி உண்மையில் போடும் கணக்கு என்ன? வங்கிக்கு வங்கி விகிதம் மாறும், வருமானம் கூடக்கூட விகிதமும் கூடும். ஆனால் வழி ஒன்றுதான். நிலையான மொத்தச் சம்பளத்தில் சட்டப்படியான பிடித்தங்களைக் கழிப்பார்கள். மாறும் வருமானத்தில் ஒரு பங்கை மட்டும் சேர்ப்பார்கள். வரும் தொகையில் இத்தனை சதவீதம்தான் எல்லாக் கடன் தவணைக்கும் போகலாம் என்று வரம்பு வைப்பார்கள். அதில் ஏற்கெனவே ஓடும் தவணைகளைக் கழித்தால் மிஞ்சுவதுதான் புதிய இ.எம்.ஐ.

டீ மேக்கரின் கோப்பில் அது இப்படி வந்தது. 28,000இல் பி.எஃப். 3,120 போக 24,880. ஊக்கத்தொகைச் சராசரி 2,200இல் பாதி, 1,100. கூட்டினால் 25,980. அந்த வங்கி வைத்த வரம்பு 50 சதவீதம், அதாவது 12,990. சங்கக் கடன் 3,500 போக 9,490. எல்.ஐ.சி.யை அவர்கள் கழிக்கவில்லை. அது கடன் அல்ல, சேமிப்பு என்று விட்டுவிட்டார்கள். கழிக்கிற வங்கியும் உண்டு. தொழில்வரியை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை. தமிழ்நாட்டில் உள்ளாட்சி அதை அரையாண்டுக்கு ஒருமுறை பிடிக்கிறது. ஆண்டுக்கு 2,500க்கு மேல் போகாது என்பதால் மாதத்துக்கு இருநூறு ரூபாய்ச் சொச்சம்தான் வரும். ஆனால் அது பிடித்த மாதத்தின் சீட்டை வங்கிக்குக் கொடுக்கிறவர்கள், இது மாதா மாதம் வரும் பிடித்தம் அல்ல என்று சொல்லிவிடுவது நல்லது.

பண்டிகை முன்பணம் 1,000 என்னவாயிற்று? பத்துத் தவணையில் எட்டு முடிந்து இரண்டுதான் பாக்கி. என் முதல் கடிதத்தில் பிடித்தம் பற்றியே பேச்சில்லை, சீட்டில் 'முன்பணம் 1,000' என்று மட்டும் இருந்தது. எப்போது முடியும் என்று தெரியாத பிடித்தத்தை வங்கி ஓடும் கடனாகத்தான் கொள்ளும். அப்படிக் கொண்டிருந்தால் 9,490 அல்ல, 8,490. "முன்பணம் ஜூலை மாதச் சம்பளத்தோடு முடிவடைகிறது" என்று இரண்டாம் கடிதத்தில் எழுதினேன். அதைக் கழிக்காமல் விட்டுவிட்டார்கள்.

மாதத் தவணைக்கு 1,000 ரூபாய் கூடினால் கடனில் எவ்வளவு கூடும் என்பது கடனின் காலத்தைப் பொறுத்தது. எங்கள் கதை அங்கேதான் இன்னொரு முறை இடறியது.

வீட்டுக் கடன் 20, 30 வருடம் என்பது இளைஞர்களுக்கு. சம்பளக்காரருக்கு ஓய்வு பெறும் தேதியோடு கடன் முடிய வேண்டும் என்று பல வங்கிகள் பார்க்கின்றன. ஓய்வூதியம் இருந்தால் கணக்கு வேறு. தேயிலைக் கம்பெனி ஊழியருக்கு வருவது பி.எஃப். அலுவலகத்தின் சிறிய ஓய்வூதியம்தான், அதை நம்பித் தவணை போட மாட்டார்கள். என் கடிதத்தில் ஓய்வு வயது இல்லை. வங்கி 58 என்று எடுத்துக்கொண்டது. 49இலிருந்து 58 வரை ஒன்பது வருடம். 8.5 சதவீத வட்டியில் ஒன்பது வருடத்துக்கு ஒரு லட்சத்துக்குத் தவணை சுமார் 1,328 ரூபாய். 9,490ஐ அதால் வகுத்தால் ஏழு லட்சத்துப் பதினைந்தாயிரம் பக்கம் வரும். பன்னிரண்டரை லட்சம் என்று நினைத்திருந்தவருக்கு ஏழு.

எங்கள் கம்பெனியில் அலுவலர்களுக்கு ஓய்வு வயது 60. தோட்டத்துக்குத் தோட்டம் இது மாறும், வங்கிக்குத் தெரியாது. "இவர் 60 வயது நிறைவில் ஓய்வு பெறுவார்" என்று தேதியோடு எழுதியதும் காலம் பதினோரு வருடம் ஆயிற்று. லட்சத்துக்குத் தவணை 1,169 பக்கம் இறங்கியது. அதே 9,490க்கு எட்டு லட்சத்துப் பத்தாயிரம். ஒரே ஒரு வரி கிட்டத்தட்ட ஒரு லட்சம் ரூபாயை மாற்றியது. சம்பளத்தைத் தாராளமாகக் காட்டச் சொல்லி என்னிடம் கெஞ்சியவர்கள் எத்தனையோ பேர். ஓய்வுத் தேதி கடிதத்தில் இருக்கிறதா என்று கேட்டவர் ஒருவரும் இல்லை.

சம்பளத்தைக் கூட்டிக் காட்டச் சொல்வது பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அறம் ஒருபக்கம் இருக்கட்டும், அது வேலைக்கே ஆகாது. கடிதத்தில் இருக்கும் தொகையைச் சீட்டோடும், சீட்டை வங்கி வரவோடும், அடிப்படைச் சம்பளத்தைப் பி.எஃப். பாஸ்புக்கோடும் வைத்துப் பார்ப்பார்கள். பாஸ்புக்கில் மாதம் 3,120 ஏறியிருந்தால் 12 சதவீதக் கணக்கில் 26,000 என்று எவரும் சொல்லிவிடலாம். இந்த நான்கில் மூன்று ஒன்றாகவும் ஒன்று வேறாகவும் இருந்தால் கோப்பு அங்கேயே நின்றுவிடும். கையெழுத்துப் போட்டவருக்கும் தலைவலி.

ஃபார்ம் 16 விஷயத்திலும் ஒரு சின்ன முடிச்சு. அது சம்பளத்தில் வருமான வரி பிடித்ததற்கான சான்று. டீ மேக்கரின் ஆண்டு வருமானத்தில் வரி பிடிக்க ஒன்றுமே இல்லை, அதனால் எங்கள் ஆபீசில் அவருக்கு அது போட்டதில்லை. 'ஃபார்ம் 16 இல்லை' என்று மொட்டையாகச் சொன்னால் கம்பெனி கணக்கில் காட்டாத ஆள் என்று தோன்றும். பன்னிரண்டு மாதச் சம்பள விவரத்தை மாதவாரியாக ஒரே தாளில் போட்டு, கீழே 'வரிப் பிடித்தம் இல்லை' என்று எழுதிக் கையெழுத்து வைத்துக் கொடுத்தேன். ஊக்கத்தொகைச் சராசரியும் அதிலேயே தெரிந்துவிட்டது. ஒரு தாளில் இரண்டு வேலை.

அடுத்தது பெயர்கள். இது மலைக்கே உரிய சிக்கல் என்று நினைக்கிறேன். ஆட்கள் எஸ்டேட்டின் பெயரைத்தான் சொல்வார்கள். கடிதத்தாளிலும் மேலே எஸ்டேட் பெயர் பெரிதாக இருக்கும். சம்பளம் வருவதோ கம்பெனியின் பெயரில். கம்பெனியின் பதிவு அலுவலகம் வேறு ஊரில். வங்கிக் கணக்கில் வரவுக்கு எதிரே இருக்கும் பெயரும் கடிதத்தாளில் இருக்கும் பெயரும் வேறு வேறானால், 'இந்த எஸ்டேட் இன்ன கம்பெனியின் அங்கம்' என்ற வரி கட்டாயம் வேண்டும். தோட்டம் கைமாறியிருந்தால் இன்னும் மோசம். எங்கள் டீ மேக்கர் சேர்ந்தது பழைய முதலாளி காலத்தில். பி.எஃப். பாஸ்புக்கில் புதிய கம்பெனியின் கீழ் கணக்கு தொடங்கிய தேதி பிந்தியது. அவர் விண்ணப்பத்தில் முதல் தேதியை எழுதினார், வங்கி இரண்டாம் தேதியைப் பார்த்தது. இரண்டையும் கடிதத்தில் எழுதி, இடையில் வேலை அறுபடவில்லை என்று சேர்த்தால் தீர்ந்தது.

பதவிப் பெயரும் கவிழ்த்துவிடும். எங்களிடம் 'கண்டக்டர்' என்றால் தோட்ட வேலையை மேற்பார்க்கிற அலுவலர். வங்கிக்காரர் ஒருவர் எங்கள் கண்டக்டரிடம் "எந்த டிப்போங்க?" என்று கேட்டதை நான் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். 'டீ மேக்கர்' அதைவிட விசேஷம். வாடவைப்பது முதல் தரம் பிரிப்பது வரை ஒரு தொழிற்சாலையின் தேயிலைக்குப் பொறுப்பு அவர். அந்த வாரம் குன்னூர் ஏலத்தில் என்ன விலை போகும் என்பதே பாதி அவர் கையில்தான் இருக்கிறது. வெளியாட்களுக்கு அந்தப் பெயர் கேண்டீனில் டீ ஆற்றுகிறவர் என்றுதான் கேட்கும். அந்த வேலையில் இழிவு ஒன்றும் இல்லை, ஆனால் 28,000 சம்பளத்தை அதோடு பொருத்திப் பார்க்கும் அதிகாரி கண்ணைச் சுருக்குவார். "டீ மேக்கர், அதாவது தேயிலை உற்பத்திப் பிரிவின் பொறுப்பு அலுவலர்" என்று எழுதினால் அவ்வளவும் சரியாகிவிடும்.

கடிதம் போன பிறகு அதைச் சரிபார்ப்பார்கள். சில வங்கிகள் மின்னஞ்சல் அனுப்பும், சில தொலைபேசியில் கேட்கும், பலவற்றில் ஏஜென்சி ஆள் நேரில் வந்து பலகையைப் படம் எடுத்துக்கொண்டு போவார். இவருடைய கோப்பில் முதலில் தொலைபேசி. கடிதத்தாளில் இருந்தது தலைமை அலுவலக எண். அங்கே எடுத்தவருக்கு மலையில் இருக்கும் ஒரு டீ மேக்கரை எப்படித் தெரியும்? "அப்படி யாரும் இங்க இல்லீங்க" என்று வைத்துவிட்டார். வங்கிப் புத்தகத்தில் அது 'வேலையில் இல்லை' என்று பதிவாகிவிட்டது. பிறகு எஸ்டேட் எண்ணுக்கு அடித்திருக்கிறார்கள். அது ஜூலை மாதம். தென்மேற்குப் பருவக்காற்றில் மரம் விழுந்து லைன் போய் நான்கு நாள். மணி அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது, எடுக்க ஆளில்லை. ஆளில்லாத ஆபீஸ் என்பது வங்கிக்கு இன்னொரு கெட்ட குறி.

அதற்குப் பிறகு நான் எழுதிய எல்லாக் கடிதத்திலும் கீழே ஒரு வரி இருக்கும்: சரிபார்க்க இன்னாரை, இந்தக் கைபேசி எண்ணில், இந்த அலுவலக மின்னஞ்சலில், காலை 10 முதல் 4 வரை தொடர்புகொள்ளலாம். மின்னஞ்சல் கம்பெனியின் பெயரில் இருப்பதாக இருக்க வேண்டும்; சொந்த ஜிமெயில் முகவரியைப் போட்டால் கடிதத்தையே சந்தேகிப்பார்கள். கடிதத்துக்கு ஒரு எண் போட்டு, நகலைக் கோப்பில் வைப்பதும் இதற்காகத்தான். ஆறு மாதம் கழித்து யாராவது கேட்டால் நாங்கள் கொடுத்ததுதானா என்று ஒரு நிமிடத்தில் சொல்ல வேண்டும்.

இத்தனையும் எழுதித் தர ஆபீசுக்கு என்ன கட்டாயம் என்று கேட்கலாம். சம்பளச் சீட்டு கொடுக்கச் சட்டம் இருக்கிறது, வரி பிடித்தால் அதற்குச் சான்று கொடுக்கச் சட்டம் இருக்கிறது, வேலை முடிந்து போகும்போது பணிச் சான்று கொடுக்க நிலையாணைகளில் இடம் இருக்கிறது. வேலையில் இருக்கும்போது வங்கிக்குக் கடிதம் எழுதித் தருவது பெரும்பாலும் வழக்கம்தான். அதனால்தான் மேனேஜர்கள் தயங்குவார்கள். 'ஊழியரின் வேண்டுகோளின்படி கொடுக்கப்படுகிறது. கம்பெனிக்கு எந்தப் பொறுப்பும் இல்லை' என்ற வரியைச் சேர்ப்பார்கள். சேர்த்துக்கொள்ளட்டும். அதற்காக எந்த வங்கியும் கடிதத்தைத் தள்ளியதாக என் அனுபவத்தில் இல்லை. "இவர் இன்னும் பத்து வருடம் வேலையில் இருப்பார்" என்று எழுதச் சொன்னால் மட்டும் யாரும் எழுத மாட்டார்கள், எழுதவும் கூடாது. ஓய்வு வயதைச் சொல்வது வேறு, வேலைக்கு உத்தரவாதம் கொடுப்பது வேறு.

கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. சில வங்கிகளும் சங்கங்களும் சம்பளச் சான்றிதழை ஆபீஸ் தாளில் கேட்காமல், தாங்களே அச்சடித்த படிவத்தை நீட்டும். முன்பக்கம் சம்பள விவரம். பின்பக்கம், 'தவணையைச் சம்பளத்தில் பிடித்து அனுப்ப இசைகிறோம். வேலையை விட்டுப் போனால் கணக்குத் தீர்க்கும் பணத்திலிருந்து கட்டுகிறோம்' என்று இருக்கும். அது சான்றிதழ் அல்ல, கம்பெனி கொடுக்கும் உறுதிமொழி. ஊழியர் "ஒரு கையெழுத்துத்தானே சார்" என்பார். மேனேஜர் கையெழுத்துப் போட மறுத்தால் அது கோபத்தினால் அல்ல. அந்த அதிகாரம் அவருக்கு இருக்காது, தலைமை அலுவலகத்துக்குப் போய் வர இரண்டு வாரம் ஆகும். படிவத்தின் பின்பக்கத்தை முதல் நாளே காட்டிவிடுகிறவருக்குத்தான் அந்த இரண்டு வாரம் மிச்சம்.

இப்போது, எப்படிக் கேட்பது. டீ மேக்கர் இரண்டாம் முறை வந்தபோது இருவரும் உட்கார்ந்து எழுதிய விண்ணப்பம் ஏறக்குறைய இப்படி இருந்தது:

"ஐயா, காரமடையில் வீடு கட்ட வங்கியில் கடனுக்கு விண்ணப்பித்துள்ளேன். வங்கிக் கிளை மேலாளருக்கு முகவரியிட்டு, வரும் 18ஆம் தேதிக்குள் சம்பளச் சான்றிதழ் தேவைப்படுகிறது. அதில் என் பதவியும் அதன் விளக்கமும், பணியில் சேர்ந்த தேதி, தற்போதைய கம்பெனியின் கீழ் வந்த தேதி, ஓய்வு பெறும் தேதி, நிலையான சம்பளமும் ஊக்கத்தொகையும் தனித்தனியாக, பிடித்தங்களும் அவை முடியும் மாதமும், சம்பளம் இரண்டு தேதிகளில் வரவாகும் விவரம், சரிபார்க்கத் தொடர்பு எண் ஆகியவை இருக்குமாறு வேண்டுகிறேன். கடந்த பன்னிரண்டு மாதச் சம்பள விவரமும் தனித்தாளில் வேண்டும். வங்கி கொடுத்த பட்டியலின் நகலை இணைத்துள்ளேன்."

இதைப் படித்தால் எந்த கிளார்க்குக்கும் மறுகேள்வி இருக்காது. முக்கியமானது கடைசி வரி. வங்கியின் பட்டியலைப் பார்த்து எழுதுவதும் ஊழியர் வாய்மொழியாகச் சொல்வதைக் கேட்டு எழுதுவதும் ஒன்றல்ல. 18ஆம் தேதிக்கும் காரணம் உண்டு. கடிதம் ஒரு மாதத்துக்கு மேல் பழையதானால் புதிது கேட்பார்கள், எனவே மற்ற தாள்கள் எல்லாம் சேர்ந்த பிறகு கடைசியாக வாங்க வேண்டியது இது. எங்கள் ஆட்கள் எப்போதும் முதலில் வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொள்வார்கள்.

அவருக்கு எட்டு லட்சம் கிடைத்தது. சங்கக் கடனைக் கைப்பணம் போட்டு அடைத்தால் 12,990 முழுவதும் தவணைக்குக் கிடைக்கும், கடன் பதினோரு லட்சத்தைத் தொடும் என்று வங்கியில் சொன்னார்கள். அந்தப் பணம் கையில் இல்லை. மேல்தளம் போடாமல் கட்டினார்.

மூன்று வருடம் கழித்து மறுபடி வந்தார். மகள் ஜெர்மனியில் வேலைக்குப் போயிருந்தாள், பார்த்துவிட்டு வர விசா வேண்டும். "அதே கடிதம் போதுமா சார்?" என்றார். போதாது. தவணையோ ஓய்வு வயதோ விசா அதிகாரிக்கு முக்கியம் இல்லை. இவர் போனால் திரும்பி வருவாரா, திரும்பி வர ஒரு வேலை காத்திருக்கிறதா, செலவு யாருடையது என்பதே அவர் கேள்வி. ஆகவே கடிதத்தில் பதவி, சேர்ந்த தேதி, சம்பளம் இவை சுருக்கமாக. அதற்குக் கீழே எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை விடுப்பு அனுமதிக்கப்பட்டிருக்கிறது, எந்தத் தேதி மறுபடி வேலையில் சேர வேண்டும், பயணத்துக்குக் கம்பெனிக்கு ஆட்சேபணை இல்லை, செலவு கம்பெனியுடையது அல்ல என்று விரிவாக. கடிதம் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயர் எழுத்துக்கு எழுத்து அப்படியே வர வேண்டும். எங்கள் சம்பளப் பட்டியலில் இனிஷியலோடு இருந்த பெயர் பாஸ்போர்ட்டில் அப்பா பெயரோடு விரிந்திருந்தது.

விடுப்புத் தேதியில்தான் கொஞ்சம் இழுபறி. அவர் கேட்டது மே மாதம், அங்கே வெயில் காலம் தொடங்குமாம். மேனேஜர் சிரித்தே விட்டார், மே மாதம் டீ மேக்கரை அனுப்பிவிட்டு யார் தொழிற்சாலையைப் பார்ப்பது? பிப்ரவரிக்கு மாற்றினோம். அனுமதி ஆகாத தேதியைக் கடிதத்தில் எழுதக் கூடாது, விமானச் சீட்டும் காப்பீடும் கடிதமும் ஒரே தேதியைச் சொல்ல வேண்டும்.

ஜனவரியில் ஒரு நாள் மேட்டுப்பாளையத்தில் நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறிச் சென்னை போய் விண்ணப்பம் கொடுத்துவிட்டு வந்தார். கவுண்ட்டரில் இருந்த பெண் கடிதத்தைப் படித்துவிட்டு, பதவிக்குப் பக்கத்தில் நான் போட்டிருந்த விளக்க வரியில் விரலை வைத்து, "ஓ, ஃபாக்டரியா சார்?" என்று கேட்டாளாம். "ஆமாங்க, நீங்க குடிக்கிற டீத்தூள்தான்" என்று சொல்லிவிட்டு வந்தேன் என்றார்.